தரையில் தண்ணீர், டிக்கெட்டில் பெயர்: பணியிட ஆபத்தைப் பராமரிப்புக் குழுவுக்குத் தெரிவிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணியிடத்தில் கண்ணில் படும் ஓர் ஆபத்தைக் கட்டடப் பராமரிப்புக் குழுவிடம், அதாவது பலரும் ஃபெசிலிட்டீஸ் என்று அழைக்கும் பிரிவிடம், யாரையும் குற்றம் சொல்லாமலும் அதே வேளையில் வேலை நடக்கும்படியும் எப்படித் தெரிவிப்பது என்பதற்கான பதில்கள் இவை. பத்து வகை ஆபத்துகளைத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை முழுமையாகப் பார்ப்பது பயன் தரும் என்பதால், நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தின் மூன்றாவது தளத்தில், படிக்கட்டுக் கதவருகே நாள்தோறும் தேங்கிய தண்ணீரையே பெரும்பாலான பதில்களுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தரையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டேன். உடனே டிக்கெட் போட்டால் போதுமா?

போதாது. டிக்கெட் என்பது பராமரிப்புக் குழுவின் ஹெல்ப்டெஸ்க்கில் நாம் எழுதிப் பதியும் கோரிக்கை, பழுதைச் சரிசெய்வதற்கான வழி. அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தைக் கடக்கப்போகிறவரை அது காப்பாற்றாது. முதலில் அந்த இடத்தில் ஏதேனும் ஓர் அடையாளத்தை வைத்துவிட வேண்டும். ஈரத்தரை எச்சரிக்கைப் பலகை அருகில் இல்லையென்றால், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு நாற்காலியை வைப்பதுகூட அந்த நேரத்துக்குப் போதுமானது. ஆனால் நடைவழியையோ வெளியேறும் கதவையோ அடைத்துவிடக் கூடாது, ஏனென்றால் ஓர் ஆபத்தை மறைக்கப்போய் இன்னொன்றை உண்டாக்கியவர்களாகிவிடுவோம்.

அடுத்து, அது காத்திருக்கக்கூடிய ஆபத்தா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் மின்விளக்கின் மீதோ, பிளக் பாயின்ட்டின் அருகிலோ, மின்பலகையின் பக்கமோ இறங்குகிறது என்றால், அல்லது புகை, எரியும் வாடை, தீப்பொறி, வாயுக் கசிவு போன்ற எதுவும் தென்பட்டால், தொலைபேசியில் அழைப்பதுதான் முறை. அழைத்துச் சொன்ன பிறகு, சொன்ன நேரத்தைக் குறிப்பிட்டு டிக்கெட்டையும் போட்டுவிடலாம். அலைபேசியில் ஐந்து நிமிடம் தட்டச்சு செய்துகொண்டிருந்துவிட்டு “நான் அப்போதே தெரிவித்துவிட்டேன்” என்று சொல்வதில் பொருளில்லை.

தவறு யாருடையது என்று எனக்குத் தெரியும். அதை எழுதினால்தானே நடவடிக்கை எடுப்பார்கள்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது தளத் தண்ணீரைப் பற்றி நான் எழுதிய முதல் டிக்கெட் இதுதான்: “ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் சரியாகத் துடைப்பதே இல்லை. கிழக்குப் படிக்கட்டருகே தினமும் தண்ணீர். யாராவது விழுந்தால்தான் கவனிப்பார்களா?” எழுதி முடித்தபோது மனத்துக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அந்த டிக்கெட் எங்கே போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவர் ஒரு நாளில் பல டிக்கெட்டுகளைப் படித்து, ஒவ்வொன்றையும் பிளம்பருக்கா, எலக்ட்ரீஷியனுக்கா, ஏசி டெக்னீஷியனுக்கா, துப்புரவுப் பிரிவுக்கா என்று பிரித்து அனுப்புகிறவர். என் முதல் வாக்கியத்தின் எழுவாய் ஹவுஸ்கீப்பிங். எனவே அவர் அதை ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசருக்கு அனுப்பினார். சூப்பர்வைசர் தம் ஊழியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். ஊழியர் ஓடி வந்து துடைத்தார். ஒரு மணி நேரத்தில் “தரை சுத்தம் செய்யப்பட்டது” என்று டிக்கெட் மூடப்பட்டது. எழுதப்பட்டதற்கு அது சரியான பதில்தான். மறுநாள் பிற்பகல் அதே இடத்தில் தண்ணீர் நின்றது. அடுத்தடுத்து ஒன்பது நாட்களில் மூன்று டிக்கெட்டுகள் போடப்பட்டு மூன்றும் இதே முறையில் மூடப்பட்டன. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அந்த மூன்றிலும் நான் எழுதவில்லை. அதனால் யாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவில்லை.

ஆகவே பெயரை விட்டுவிடச் சொல்வது நாகரிகத்துக்காக மட்டும் அன்று. ஆளைச் சுட்டும் டிக்கெட் அந்த ஆளின் மேலதிகாரியிடம் போகிறது. இடத்தையும் பொருளையும் சுட்டும் டிக்கெட் அந்தப் பொருளைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் போகிறது. மேலதிகாரியால் ஊழியரைக் கண்டிக்க முடியும், குழாயைச் சரிசெய்ய முடியாது.

அந்தத் தண்ணீருக்கு உண்மையான காரணம் என்னவாக இருந்தது?

அதை எனக்குச் சொன்னவரே நான் குற்றம் சாட்டியிருந்த அக்காதான். நான்காவது டிக்கெட்டை எழுதுவதற்கு முன், அவர் அங்கே துடைத்துக்கொண்டிருந்தபோது நின்று கேட்டேன். “ரெண்டு மணிக்கு மேலதாங்க சொட்டும். காலைல வந்து பார்த்தா காஞ்சுதான் கெடக்கும். நான் வாளி வச்சுப் பார்த்தேன், வழில இருக்குன்னு எடுக்கச் சொல்லிட்டாங்க” என்றார். கதவின் பின்னால் அந்த நீல வாளி இருந்தது. அதன் அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பழுப்பு நீர் நின்றது. மேலே பார்த்தால், ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றின் ஓரத்தில் தேநீர் சிந்தியதுபோல் வட்டமாகக் கறை படிந்திருந்தது.

ஏசியின் உட்புறக் கருவியில் உள்ள குளிர்ந்த சுருள்குழாயின் மீது அறைக்காற்று படும்போது, காற்றிலுள்ள ஈரம் நீராக மாறிக் கீழேயுள்ள தட்டில் விழுகிறது. அங்கிருந்து ஒரு வடிகுழாய் வழியாக அது வெளியேற வேண்டும். பெரும்பாலான இடங்களில் இந்தக் குழாய்க்கு மோட்டார் எதுவும் கிடையாது. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலான சிறு சரிவை நம்பியே நீர் ஓடுகிறது. தூசியும் பாசியும் சேர்ந்த வழுவழுப்பான கசடு குழாயை அடைத்தாலோ, குழாயைத் தாங்கும் கொக்கி கழன்று நடுவில் தொய்வு விழுந்தாலோ நீர் தேங்கி, தட்டு நிரம்பி, ஓரமாக வழிந்து சீலிங்கில் இறங்கும். எங்கள் கட்டடத்தில் இரண்டுமே நடந்திருந்தன. ஒரு கொக்கி கழன்று குழாய் தொய்ந்திருந்தது. தொய்ந்த இடத்தில்தான் கசடும் சேர்ந்திருந்தது.

காலையில் ஏசி ஓடத் தொடங்கிய பிறகு தட்டு நிரம்புவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால்தான் அந்த அக்கா சொன்ன இரண்டு மணிக் கணக்கு. பராமரிப்பு ஆள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்திருந்தால் உலர்ந்த தரையைப் பார்த்து “பிரச்சினை ஏதுமில்லை” என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார். வந்த நேரம் அப்படி.

சரி, அந்த நான்காவது டிக்கெட்டை எப்படி எழுதினீர்கள்? மாதிரி கிடைக்குமா?

தலைப்பு இது: “மூன்றாவது தளம், கிழக்குப் படிக்கட்டுக் கதவு: பிற்பகலில் சீலிங்கிலிருந்து நீர் சொட்டித் தரை வழுக்குகிறது.” தலைப்பை மட்டும் படிக்கிறவருக்கும் எங்கே, எப்போது, என்ன என்பது தெரிந்துவிட வேண்டும். “அவசரம்! உடனே கவனிக்கவும்!” என்ற தலைப்பில் இந்த மூன்றுமே இல்லை.

உள்ளடக்கம் இப்படி இருந்தது:

“மூன்றாவது தள நடைவழியில், கிழக்குப் படிக்கட்டுக் கதவுக்கு இரண்டு தப்படி முன்னால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தரையில் தண்ணீர் தேங்குகிறது. அதற்கு நேர் மேலே உள்ள சீலிங் பலகையில் பழுப்புக் கறை இருக்கிறது. அதன் ஓரத்திலிருந்து நீர் சொட்டுவதை நேரில் பார்த்தேன். திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று நாட்களிலும் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு தண்ணீர் இருந்தது. அதே நாட்களில் காலை 9 மணிக்குத் தரை உலர்ந்திருந்தது. துடைத்து அரை மணி நேரத்தில் மீண்டும் தேங்குகிறது. ஷிஃப்ட் மாறும் 3 மணிக்குப் பலர் இந்தக் கதவு வழியாக இறங்குகிறார்கள்; கதவைத் தாண்டியதும் படிகள் தொடங்குகின்றன. தற்போது வாளியும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கின்றன. இதே இடம் பற்றிய முந்தைய மூன்று டிக்கெட்டுகளின் எண்களைக் கீழே தந்திருக்கிறேன். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு ஒருவர் வந்து, நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, வரும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டுகிறேன். அதுவரை 3 மணி ஷிஃப்டை மேற்குப் படிக்கட்டு வழியாகப் போகச் சொல்லலாமா என்பதையும் தெரிவியுங்கள். இடத்தைக் காட்ட 2 முதல் 4 மணி வரை நான் இருப்பேன்.”

இதில் ஒரு மனிதரின் பெயரோ பிரிவின் பெயரோ கிடையாது. ஆனால் எதுவும் மறைக்கப்படவும் இல்லை. “துடைத்து அரை மணி நேரத்தில் மீண்டும் தேங்குகிறது” என்ற ஒரே வாக்கியம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: துடைப்பவர் தம் வேலையைச் செய்கிறார் என்பதைச் சொல்கிறது, துடைப்பதால் இது தீராது என்பதையும் சொல்கிறது. டிக்கெட் அன்றைக்கே ஏசி டெக்னீஷியனிடம் போயிற்று.

கடைசிப் பகுதியில் இரண்டு கோரிக்கைகள் தனித்தனியாக இருப்பதையும் கவனியுங்கள். ஒன்று நிரந்தரச் சரிசெய்தல், மற்றொன்று அதுவரைக்குமான தற்காலிக ஏற்பாடு. உதிரிப்பாகம் வர வேண்டும், வெண்டர் வர வேண்டும் என்று முதலாவது தள்ளிப்போகலாம். இரண்டாவதை இன்றே செய்துவிட முடியும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், வாளி வைத்ததையே தீர்வாகக் கணக்கிட்டு டிக்கெட்டை மூடிவிடுவது எளிதாகிவிடும். மேற்குப் படிக்கட்டைக் கேட்டபோது கிழக்குக் கதவைப் பூட்டச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். அது தீ விபத்தின்போது வெளியேறும் வழி. எந்தப் பழுதுக்காகவும் அதைப் பூட்டச் சொல்லக் கூடாது.

காரணம் என்னவென்று நான் ஊகித்ததையும் எழுதலாமா?

எழுதலாம், ஊகம் என்று சொல்லி எழுதினால். “ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது” என்று உறுதியாக எழுதிவிட்டு, வந்தவர் பார்த்தபோது அது தண்ணீர்க் குழாயின் கசிவாக இருந்தால், “ஏசி சரியாக இருக்கிறது” என்று எழுதி மூட அது இடம் கொடுத்துவிடும்.

ஊகத்தைவிட நேரக்குறிப்பு அதிகம் உதவும். ஏசி ஓடும் நாட்களில் மட்டும் சொட்டி, விடுமுறை நாளில் நின்றுபோனால் ஏசியைச் சந்தேகிக்கலாம். இரவும் பகலும் ஒரே சீராகக் கசிந்தால் தண்ணீர்க் குழாயையும், மழை பெய்த நாட்களில் மட்டும் வந்தால் மேல்தளத்தையோ வெளிச்சுவரையோ பார்ப்பார்கள். இந்த முடிவுக்கு நீங்கள் வரவேண்டியதில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு இருந்தது, எத்தனை மணிக்கு இல்லை என்பதை மட்டும் எழுதினால் வருகிறவரே புரிந்துகொள்வார். “இல்லாத” நேரத்தையும் எழுத வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

யாரையும் குற்றம் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் படித்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். எங்கே தவறினேன்?

பெரும்பாலும் சின்னச் சொற்களில்தான். தமிழில் குற்றச்சாட்டு ஓர் இடைச்சொல்லில் ஒளிந்துகொள்ளும். “துடைக்கவில்லை” என்பது செய்தி. “துடைக்கக்கூட இல்லை” என்பது ஏச்சு. “மூன்று முறை தெரிவித்திருக்கிறேன்” என்பது கணக்கு. “எத்தனை முறைதான் சொல்வது” என்பது சலிப்பு. “அலட்சியம்”, “பொறுப்பின்மை”, “கவனக்குறைவு” போன்ற சொற்கள் ஒருவரின் மனநிலையைப் பற்றிய தீர்ப்புகள். தரையைப் பார்த்த உங்களுக்கு அந்த மனநிலை தெரிய வாய்ப்பில்லை.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். “கைப்பிடியை உடைத்துவிட்டார்கள்” என்று எழுதினால் உடைத்தது யார் என்ற தேடல் தொடங்கிவிடும். “கைப்பிடி உடைந்திருக்கிறது” என்று எழுதினால் கைப்பிடியைப் பற்றிய பேச்சு தொடங்கும். தன்வினை நம் மொழியில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்வதில் என்ன தடை? செயப்பாட்டு வினை அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை என்பது என் எண்ணம். “பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன” என்று எழுதினாலும் அடுக்கியவர் நிழலாக நிற்கிறார். “பெட்டிகள் இருக்கின்றன” என்றால் பெட்டிகள் மட்டுமே நிற்கின்றன.

இன்னொன்று, “புகார்” என்ற சொல். பல இடங்களில் டிக்கெட்டையே கம்ப்ளெயின்ட் என்றுதான் அழைக்கிறார்கள். புகார் என்றால் யார் மீது என்ற கேள்வி கூடவே வந்துவிடும். நான் “பாதுகாப்புத் தகவல்” என்று தலைப்பில் சேர்க்கத் தொடங்கிய பிறகு பதில்களின் தொனி கொஞ்சம் மாறியது.

ஆனால் ஒருவர் செய்யும் செயலே ஆபத்தாக இருந்தால்? தீத்தடுப்புக் கதவுக்குக் கட்டை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைக்கிறார்கள்.

கட்டை வைப்பவரைக் கண்டுபிடித்தால் கட்டை நின்றுவிடும் என்று தோன்றும். ஒரு வாரம் நிற்கவும் செய்யும். பிறகு வேறொருவர் வைப்பார், ஏனென்றால் கட்டைக்கான தேவை அப்படியே இருக்கிறது. தள்ளுவண்டியோடு வருகிறவருக்கு இரண்டு கைகளும் வண்டியில் இருக்கும். கதவின் மூடும் விசை அளவுக்கு மீறி இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கலாம். அட்டை காட்டித் திறக்கும் கருவி மூன்று முறைக்கு ஒருமுறைதான் வேலை செய்யலாம்.

எனவே பார்த்ததை எழுதிவிட்டு, எந்தச் சூழலில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: “இரண்டாவது தளத்தின் பொருள் வைப்பறைக்கு அருகிலுள்ள தீத்தடுப்புக் கதவு, காலை 10 முதல் 11 மணி வரை மரக்கட்டையின் தாங்கலில் திறந்தே நிற்கிறது. அந்த நேரத்தில் தள்ளுவண்டிகள் இந்த வழியாகப் பலமுறை போய் வருகின்றன. தீ ஏற்பட்டால் புகை படிக்கட்டுக்குள் புகும். கதவு திறந்து நிற்க வேண்டிய தேவையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன்.” இதைப் படிக்கிற பராமரிப்புப் பொறியாளருக்குத் தீர்வு தெரியும். தீ எச்சரிக்கை அமைப்போடு இணைந்த காந்தப் பிடிப்பான்கள் உண்டு. அவை கதவைத் திறந்த நிலையில் பிடித்திருக்கும். எச்சரிக்கை மணி ஒலித்தால் விட்டுவிடும், கதவு தானாகவே மூடிக்கொள்ளும். வண்டிக்காரருக்கும் வழி கிடைக்கும், படிக்கட்டும் பாதுகாப்பாக இருக்கும். “யாரோ கட்டை வைக்கிறார்கள், கண்டிக்கவும்” என்ற டிக்கெட்டிலிருந்து இந்தத் தீர்வு ஒருபோதும் பிறக்காது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வேண்டுமென்றே ஒருவர் பாதுகாப்புக் கருவியைச் சேதப்படுத்துவதையோ, பிறரை மிரட்டி ஆபத்தான வேலையைச் செய்ய வைப்பதையோ பார்த்தால், அது பராமரிப்புக் குழுவின் டிக்கெட்டில் அடங்கும் விஷயமே அன்று. அதை உங்கள் மேலாளரிடமோ மனிதவளப் பிரிவிடமோ தனியாகக் கொண்டு செல்ல வேண்டும்.

படம் எடுத்து அனுப்பலாமா?

தாராளமாக. இரண்டு படங்கள் போதும். ஒன்று சற்றுத் தள்ளி நின்று எடுத்தது. கதவு, தூண், அறை எண் ஏதாவது தெரிந்தால் வருகிறவர் இடத்தைத் தேடி அலையமாட்டார். மற்றொன்று அருகிலிருந்து எடுத்தது. தண்ணீரின் அளவு தெரிய ஒரு பேனாவையோ காலணியின் நுனியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மனிதர்களின் முகம், அடையாள அட்டை, கணினித் திரை ஆகியவை படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பத்தோடு ஒருவர் நிற்கும் படம், நீங்கள் எவ்வளவு நயமாக எழுதியிருந்தாலும், குற்றச்சாட்டாகவே படிக்கப்படும்.

அவசரம் என்று குறித்தால் சீக்கிரம் வருவார்களா?

முதல் முறை வருவார்கள். எல்லாவற்றுக்கும் அவசரம் என்று குறிக்கிறவரின் நான்காவது டிக்கெட்டை யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. முன்னுரிமையைத் தீர்மானிப்பவர்கள் பொதுவாக இரண்டைத்தான் எடைபோடுகிறார்கள்: நடந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும், நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. அந்த இரண்டுக்கும் தேவையான விவரத்தைக் கொடுத்துவிட்டால், அவசரம் என்ற சொல்லை நீங்கள் எழுதவே வேண்டாம். ஒதுக்குப்புறமான அறையில் தேங்கும் அதே அளவு தண்ணீரும், படிக்கட்டின் தலைப்பில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தேங்கும் தண்ணீரும் ஒன்றல்ல. முதலாவதில் விழுகிறவர் தரையில் விழுவார். இரண்டாவதில் படிகளில் உருள்வார்.

என் மேலாளருக்குச் சொல்லாமல் நேராகப் பராமரிப்புக் குழுவுக்கு எழுதலாமா?

சாதாரணப் பழுதுக்கு எழுதலாம், நகலை அவருக்கு அனுப்பிவிட்டால் நல்லது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அவரிடம் அப்போதே சொல்லியாக வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் ஏற்ற 155-ஆம் எண் உடன்படிக்கை, தொழிலாளி அத்தகைய நிலைமையைத் தம் நேரடி மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும், அது சரிசெய்யப்படும்வரை அந்த இடத்துக்குத் திரும்பும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

நகல் அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. முதல் டிக்கெட்டிலேயே பராமரிப்புக் குழுவின் தலைவரையும் அவருக்கு மேலே உள்ளவரையும் சேர்த்துவிடாதீர்கள். வாசகம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், பெறுநர் பட்டியலே குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

என் பெயரைச் சொல்லாமல் தெரிவிக்க முடியுமா?

பல நிறுவனங்களில் அதற்கு வழி இருக்கிறது, பழிவாங்கலுக்கு அஞ்சும் சூழலில் அதுவே சரியான வழியாகவும் இருக்கலாம். ஆனால் பெயரில்லாத டிக்கெட்டில் எழுதியவரைத் திரும்ப அழைத்து “எந்தக் கதவு?” என்று கேட்க முடியாது. அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு குறித்த தன்விருப்ப அறிக்கைகளுக்காக 1976 முதல் நாசா நடத்திவரும் முறை இந்த முடிச்சை அழகாக அவிழ்த்திருக்கிறது. அறிக்கை எழுதுகிறவர் தம் பெயரைக் கொடுக்கிறார். ஐயம் இருந்தால் ஆய்வாளர்கள் அவரை அழைத்துக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு பெயருள்ள பகுதியை நீக்கிவிட்டுத்தான் அறிக்கையைப் பதிவில் சேர்க்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் பாதுகாப்புக் குழு உறுப்பினர் யாராவது இருந்தால், அவரிடம் நேரில் சொல்லி அவர் பெயரில் டிக்கெட் போடச் சொல்வது ஏறக்குறைய இதற்குச் சமம்.

சரிசெய்துவிட்டதாக மூடிவிட்டார்கள். மறுநாள் மீண்டும் தண்ணீர். இப்போதாவது காட்டமாக எழுதலாமா?

காட்டத்துக்குப் பதிலாகப் பழைய டிக்கெட்டையே மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒன்று போட்டால் கணக்கில் அது முதல் முறை நிகழ்ந்ததாகவே தெரியும். முந்தைய முயற்சிகளின் வரலாறு அறுந்துவிடும். மீண்டும் திறக்கும் வசதி இல்லையென்றால் பழைய எண்களைக் குறிப்பிடுங்கள். என் முதல் மூன்று டிக்கெட்டுகள் தனித்தனித் தீவுகளாக நின்றன. நான்காவதில் எண்களைச் சேர்த்து எழுதியபோதுதான் ஒன்பது நாட்களாக ஒரே இடம் நனைந்திருப்பது ஹெல்ப்டெஸ்க்குக்கே தெரிந்தது.

அதில் இரண்டு கேள்விகள் இருக்கட்டும். “என்ன செய்யப்பட்டது என்று அறிய விரும்புகிறேன்” என்பது ஒன்று. தரை துடைக்கப்பட்டதா, குழாய் சுத்தம் செய்யப்பட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “எந்த நிலையில் இது முடிந்ததாகக் கொள்ளலாம்?” என்பது மற்றொன்று. எங்கள் டெக்னீஷியனோடு பேசி, தொடர்ந்து மூன்று பிற்பகல்கள் தரை உலர்ந்திருந்தால் மூடலாம் என்று முடிவு செய்தோம். குழாயைச் சுத்தம் செய்து கொக்கியை மாட்டிய பிறகு, அவர் தட்டில் ஒரு குடுவைத் தண்ணீரை ஊற்றி, மறுமுனையில் அது தடையின்றி வெளியேறுவதைக் காட்டினார்.

இவ்வளவுக்குப் பிறகும் பதில் இல்லையென்றால் மேலே எடுத்துச் செல்லுங்கள், ஆனால் “அவர்கள் கவனிப்பதில்லை” என்று எழுதாமல் “இந்தத் தேதியில் தெரிவித்தேன், ஆபத்து இன்றும் இருக்கிறது, உதிரிப்பாகத்துக்கோ செலவு ஒப்புதலுக்கோ காத்திருக்கிறதா என்று தெரியவில்லை” என்று எழுதுங்கள். ஒப்புதல் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கும் பராமரிப்புக் குழுவினர்க்கு அந்த வாக்கியம் உதவியாகவே அமையும்.

ஒருவர் ஏற்கெனவே வழுக்கி விழுந்துவிட்டார். அதையும் இதே டிக்கெட்டில் எழுதலாமா?

விபத்துக்கென்று தனி அறிக்கை இருக்கும்; அது வேறு ஆட்களிடம், வேறு விதிகளின்படி போகிறது. பராமரிப்பு டிக்கெட்டில் “இன்று பிற்பகல் 3 மணியளவில் இங்கே ஒருவர் வழுக்கி விழுந்தார், விபத்து அறிக்கை தனியாக அளிக்கப்பட்டுள்ளது” என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். விழுந்தவரின் பெயர், அடிபட்ட விவரம், அவர் அணிந்திருந்த செருப்பு பற்றிய கருத்து எதுவும் அதில் வேண்டாம். பலர் பார்க்கும் இடம் அது. தரையை உடனே துடைத்துவிடுவதற்கு முன், பிறருக்கு ஆபத்தில்லாத வகையில் இடத்தை மறித்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்வது பிற்பாடு உதவும்.

பழுது சரியாகிவிட்டது. இனி நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

ஒப்புக்கொண்ட நாட்களில் ஒப்புக்கொண்ட நேரத்தில் போய்ப் பார்த்து, “2.30, 3.30 இரு வேளையும் உலர்ந்திருந்தது” என்று டிக்கெட்டில் ஒரு வரி எழுதுங்கள். கறைபட்ட சீலிங் பலகையை மாற்றச் சொல்லுங்கள். பழைய கறை அப்படியே இருந்தால், அடுத்த முறை புதிதாகக் கசிந்தாலும் யாருக்கும் தெரியாது. துடைத்தவரிடம் காரணம் குழாய்தான் என்பதை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், அவருடைய சூப்பர்வைசர் காதிலும் விழும்படி. பிறகு அந்த மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை எடுத்துவிடுங்கள். உலர்ந்த தரையில் மாதக்கணக்காக நிற்கும் பலகையைப் பார்த்துப் பழகியவர்கள், ஈரத் தரையில் அது நிற்கும்போதும் பார்க்கமாட்டார்கள்.